சிவப்பு குளோவர், சோயா, ஆளிவிதை: ஹார்மோன் சார்ந்த மார்பகப் புற்றுநோய்க்குப் பின் எதை விடலாம், எதை உண்ணலாம்?

கேள்வி: என் அக்காவுக்கு 47 வயது. மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்து, ஈ.ஆர். பாசிட்டிவ் என்பதால் ஒன்றரை வருடமாக டாமோக்சிஃபென் சாப்பிடுகிறார். இரவில் நாலைந்து தடவை உடம்பு தகித்து, வியர்த்து எழுந்துவிடுகிறார். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த உறவினர் ரெட் குளோவர் மாத்திரை தந்தார். மூன்று வாரமாகத் தினம் இரண்டு எடுக்கிறார். மீல்மேக்கரும் ஆளிவிதையும் தொடவே கூடாது என்று பக்கத்து வீட்டில் பயமுறுத்துகிறார்கள். எது சரி?

பதில்:

பக்கத்து வீட்டுக்காரரின் பயம் தவறான இடத்தில் விழுந்திருக்கிறது. குழம்பில் போடும் மீல்மேக்கரையும், பொடித்த ஆளிவிதையில் தினம் ஒன்றிரண்டு கரண்டியையும் உங்கள் அக்கா விலக்க வேண்டியதில்லை. நிறுத்த வேண்டியது அந்த மாத்திரையைத்தான். நிறுத்தியதோடு, இதுவரை எடுத்ததையும் அடுத்த முறை போகும்போது புற்றுநோய் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். நான் பல ஆண்டுகளாகப் புற்றுநோய்ப் பிரிவில் மருந்தாளுநராக இருக்கிறேன். இதே குழப்பத்தோடு வருபவர்களிடம் சொல்வதைச் சற்று விரிவாக இங்கே எழுதுகிறேன்.

ஈ.ஆர். பாசிட்டிவ் என்றால் அந்தப் புற்றுச் செல்களுக்குள் ஈஸ்ட்ரோஜன் ஏற்பிகள் இருக்கின்றன என்று பொருள். ஈஸ்ட்ரோஜன் அங்கே போய் உட்கார்ந்தால் செல் பெருகத் தொடங்குகிறது. டாமோக்சிஃபென் அந்த இருக்கையை முன்கூட்டியே பிடித்துக்கொண்டு ஈஸ்ட்ரோஜனை உட்காரவிடாமல் செய்கிறது. சில தாவரங்களில் இருக்கும் பொருள்கள் வடிவத்தில் ஈஸ்ட்ரோஜனை ஒத்திருப்பதால் அதே இருக்கையில் தாமும் உட்காரக்கூடியவை; தாவர ஈஸ்ட்ரோஜன் என்று சொல்வது இவற்றைத்தான். உடலில் சுரக்கும் முக்கிய ஈஸ்ட்ரோஜனான எஸ்ட்ரடியாலோடு ஒப்பிட்டால் இவற்றின் வலு நூறில் ஒரு பங்கோ ஆயிரத்தில் ஒரு பங்கோதான். ஆனால் சோயா நிறைய உண்பவர்களின் இரத்தத்தில் இவற்றின் அளவு எஸ்ட்ரடியாலின் அளவைப் போலப் பல மடங்கு இருக்க முடியும் என்பதால், வலு குறைவு என்ற ஒரே காரணத்தைச் சொல்லித் தள்ளிவிட முடியாது. தவிர, ஈஸ்ட்ரோஜன் ஏற்பியில் ஆல்ஃபா, பீட்டா என இரண்டு வகை உண்டு. மார்பகப் புற்றைத் தூண்டுவது பெரும்பாலும் ஆல்ஃபா. சோயாவில் உள்ள ஜெனிஸ்டீன் அதிகம் நாடுவது பீட்டாவை. ஆகவே “ஈஸ்ட்ரோஜன்” என்ற பெயரைக் கேட்டதும் மாத்திரை ஈஸ்ட்ரோஜனைப் போலவே இதுவும் வேலை செய்யும் என்று நினைப்பது சரியாகாது. முழுக்கச் சாதுவானது என்று நினைப்பதும் சரியாகாது.

சிவப்பு குளோவர் நம் ஊர் உணவே அல்ல. குளிர்ப் பிரதேசங்களில் மாட்டுக்கும் ஆட்டுக்கும் விளைவிக்கும் தீவனப் பயிர் அது. அதன் சகோதரப் பயிரான மற்றொரு குளோவரைப் பற்றி ஒரு பழைய செய்தி உண்டு. 1940-களில் மேற்கு ஆஸ்திரேலியாவில் அதை மேய்ந்த பெண் ஆடுகள் சினை பிடிக்காமல் மலடாயின. காரணத்தைத் தேடியபோது, குளோவரில் இருக்கும் ஃபார்மோனோனெட்டின் என்ற பொருளை ஆட்டின் இரைப்பையில் வாழும் நுண்ணுயிரிகள் ஈக்வால் என்ற, ஈஸ்ட்ரோஜன் தன்மை கூடிய பொருளாக மாற்றிவிடுவது தெரிந்தது. பகல் முழுக்கப் பசும்புல்லாக அதையே மேய்ந்த ஆட்டுக்கு நேர்ந்தது மனிதருக்கும் நேரும் என்று யாரும் சொல்லவில்லை. ஆயினும் இந்தச் செடியின் பொருள்களுக்கு உடலில் வேலை செய்யும் திறன் உண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

சிவப்பு குளோவரில் முக்கியமாக உள்ளவை பயோகானின்-ஏ, ஃபார்மோனோனெட்டின் என்ற, ஐசோஃப்ளேவோன் வகையைச் சேர்ந்த இரண்டு தாவர ஈஸ்ட்ரோஜன்கள். உடலுக்குள் போனதும் பயோகானின்-ஏ பெரும்பாலும் ஜெனிஸ்டீனாகவும், ஃபார்மோனோனெட்டின் டைட்சீனாகவும் மாறிவிடுகின்றன. இந்த இரண்டும்தான் சோயாவில் இருப்பவை. அதாவது மீல்மேக்கருக்குப் பயந்து குளோவர் மாத்திரை விழுங்குபவர், சோயாவின் புரதத்தையும் நாரையும் விட்டுவிட்டு, பயந்த பொருளை மட்டும் தனியாக எடுத்து விழுங்குகிறார்.

மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துப் பாருங்கள். “சிவப்பு குளோவர் சாறு 500 மி.கி., 8 சதவீத ஐசோஃப்ளேவோன்” என்பதுபோல எழுதியிருக்கும். பார்க்க வேண்டியது 500 என்ற பெரிய எண்ணை அல்ல. 500-இல் 8 சதவீதம், அதாவது 40 மி.கி.தான் நமக்கு வேண்டிய கணக்கு. சில அட்டைகளில் நேராகவே 40 மி.கி. என்று போட்டிருப்பார்கள். தினம் இரண்டு என்றால் 80 மி.கி.

இப்போது ஒரு நியாயமான கேள்வி எழும். ஒருவர் பங்குக்கு ஒரு கைப்பிடி, சுமார் 30 கிராம் உலர்ந்த மீல்மேக்கர் போட்டால் அதிலும் ஏறத்தாழ 30 முதல் 50 மி.கி. ஐசோஃப்ளேவோன் இருக்கும், கொதிநீரில் ஊறவைத்துப் பிழியும்போது கொஞ்சம் போய்விடும். அப்படியானால் ஒரு மாத்திரையும் ஒரு வேளை மீல்மேக்கரும் ஒன்றுதானே? எண்ணை மட்டும் பார்த்தால் ஒன்றுதான். ஆனால் நம் வீடுகளில் மீல்மேக்கர் வாரத்துக்கு ஒருமுறையோ இருமுறையோதான் வரும். அதை நாள் கணக்காகப் பிரித்தால் 10 மி.கி. அளவில் நிற்கும். மாத்திரை தினமும் 80. அளவைவிட முக்கியமான வேறுபாடு இன்னொன்று இருக்கிறது: உணவாக உண்ட பெண்களைப் பற்றி நமக்கு நிறையத் தெரியும், சாறாகப் பிழிந்து எடுத்தவர்களைப் பற்றித் தெரிந்தது கொஞ்சம்.

பயம் தொடங்கிய இடம் எலிக்கூண்டு. அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தில், சினைப்பை அகற்றப்பட்ட, எதிர்ப்புச் சக்தி குறைந்த சுண்டெலிகளுக்கு மனித மார்பகப் புற்றுச் செல்களைப் பொருத்தி, தீவனத்தில் ஜெனிஸ்டீனைக் கலந்து கொடுத்தார்கள். கட்டிகள் வளர்ந்தன. டாமோக்சிஃபென் கொடுத்த எலிகளில் அந்த மருந்தின் பலனை ஜெனிஸ்டீன் குறைத்தது. பிறகு, ஈஸ்ட்ரோஜன் உற்பத்தியைத் தடுக்கும் லெட்ரோசோல் மருந்தோடும் அப்படியே நடந்தது. சோயா புற்றைத் தூண்டும் என்று இன்றைக்கும் வீடியோக்களில் சொல்லப்படுவதன் வேர் பெரும்பாலும் இதுதான். ஆனால் அதே ஆய்வகம் செய்த இன்னொரு பரிசோதனையை யாரும் சொல்வதில்லை. ஜெனிஸ்டீன் அளவைச் சமமாக வைத்துக்கொண்டு, ஒரு குழுவுக்குச் சோயா மாவாகவும் மற்றக் குழுக்களுக்குப் படிப்படியாகச் சுத்திகரித்த வடிவங்களிலும் கொடுத்தபோது, மாவு தின்ற எலிகளின் கட்டி வளராமல் அப்படியே நின்றது. சுத்திகரிப்புக் கூடக்கூட வளர்ச்சியும் கூடியது. எலியின் உடல் ஐசோஃப்ளேவோனைக் கையாளும் விதம் வேறு. மனித உடல் அதைப் பெரும்பாலும் செயலற்ற வடிவமாக மாற்றி இரத்தத்தில் விடுகிறது, எலி அந்த அளவுக்கு மாற்றுவதில்லை. எனவே எலியில் கண்டதை அப்படியே பெண்களுக்குப் பொருத்த முடியாது. இருந்தும், வடிவம் மாறினால் விளைவும் மாறலாம் என்ற எச்சரிக்கையை நான் அங்கிருந்துதான் எடுத்துக்கொள்கிறேன்.

பெண்களிடம் கிடைத்த தகவல்கள் வேறு திசையைக் காட்டுகின்றன. ஷாங்காய் நகரில் மார்பகப் புற்றிலிருந்து மீண்ட 5,042 பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2009-இல் வெளியான ஆய்வில், சோயா உணவு அதிகம் உண்டவர்களுக்கு நோய் திரும்புவதும் இறப்பும் கூடவில்லை, குறைவாகவே இருந்தன. ஈ.ஆர். பாசிட்டிவ், நெகட்டிவ் என்ற இரு வகையிலும், டாமோக்சிஃபென் எடுத்தவர்களிலும் எடுக்காதவர்களிலும் இதே போக்கு. அமெரிக்கப் பெண்களையும் சேர்த்து 9,500-க்கும் மேற்பட்டோரின் தகவல்களை ஒன்றாக்கிப் பார்த்து 2012-இல் வெளியிட்டபோதும், தினம் 10 மி.கி.க்கு மேல் ஐசோஃப்ளேவோன் உணவில் பெற்றவர்களுக்கு நோய் திரும்புவது சுமார் கால் பங்கு குறைவாக இருந்தது. இவை அனைத்தும் கவனிப்பு ஆய்வுகள். சோயா உண்பவர்கள் பொதுவாகவே காய்கறி அதிகம் உண்டு, உடற்பயிற்சியும் செய்பவர்களாக இருக்கலாம். ஷாங்காய்ப் பெண்களோ சிறுவயதிலிருந்தே சோயா உண்டு வளர்ந்தவர்கள். அதனால் “சோயா புற்றைத் தடுக்கும்” என்று நான் சொல்ல மாட்டேன், டாமோக்சிஃபெனுக்குப் பதிலாக டோஃபு என்று யாராவது சொன்னால் கடுமையாகவே மறுப்பேன். சோயா உணவு தீங்கு செய்கிறது என்பதற்கு இவ்வளவு பெரிய எண்ணிக்கையிலும் அறிகுறி இல்லை என்பதுவரை மட்டும் துணிந்து சொல்லலாம். அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கமும் இந்த இடத்தில்தான் நிற்கிறது: சோயா உணவு சரி, செறிவூட்டிய மாத்திரை, பொடி வேண்டாம்.

வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சோயாப் புரதப் பொடியைக் கொண்டு செய்து 2014-இல் வெளியான ஓர் ஆய்வில், மார்பகக் கட்டி கண்டறியப்பட்ட 140 பெண்களில் ஒரு பகுதியினருக்கு அறுவைக்கு முன்பு ஒன்று முதல் நான்கு வாரம்வரை பொடியும், மற்றவர்களுக்குப் பால்பொடியும் கொடுத்து, பிறகு கட்டியை எடுத்துப் பார்த்தார்கள். செல்கள் பெருகும் வேகத்தில் மொத்தத்தில் பெரிய மாற்றம் இல்லை. ஆனால் இரத்தத்தில் ஜெனிஸ்டீன் நன்றாக ஏறிய சிலரின் கட்டியில், வளர்ச்சியோடு தொடர்புள்ள சில மரபணுக்கள் கூடுதலாக இயங்கத் தொடங்கியிருந்தன. யாருக்கு அப்படி ஏறும் என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. குடலில் வாழும் பாக்டீரியாவைப் பொறுத்து ஆளுக்கு ஆள் மாறும்.

இவ்வளவுக்கும் ஈடாக மாத்திரை தகிப்பையாவது தணிக்கிறதா? மாதவிடாய் நின்ற 252 பெண்களை வைத்து அமெரிக்காவில் 12 வாரம் நடத்தி 2003-இல் வெளியான சோதனையில், 82 மி.கி. ஐசோஃப்ளேவோன் கொண்ட சிவப்பு குளோவர் எடுத்தவர்களுக்கு நாளொன்றுக்குத் தகிப்பு 5.1 தடவை குறைந்தது. மருந்தே இல்லாத போலி மாத்திரை எடுத்தவர்களுக்கு 5.0 தடவை குறைந்தது. தகிப்பு தானாகவே ஏறி இறங்கும் இயல்புடையது. ஏதோ ஒன்றை எடுக்கிறோம் என்ற நம்பிக்கையே அதைப் பாதிவரை குறைத்துக் காட்டும். அதனால்தான் “எனக்குக் கேட்டது” என்று பலர் உண்மையாகவே சொல்கிறார்கள். உங்கள் அக்காவைப் போலவே மாதவிடாய் நிற்காத வயதில் டாமோக்சிஃபென் எடுக்கும் சுமார் 80 பெண்களை வைத்து மிலானில் செய்து 2020-இல் வெளியான சிறிய சோதனையிலும் கதை இதுதான்: இரு குழுவுக்கும் தொந்தரவு குறைந்தது, குளோவர் கூடுதலாக எதையும் தரவில்லை. அதில் தீங்கும் தென்படவில்லை என்பதைச் சொல்லிவிடுவது நேர்மை. ஆனால் நோய் திரும்புமா என்பதை 80 பேரைக் கொண்டு தீர்மானிக்க முடியாது. பலன் இல்லாத ஒன்றுக்காக அளந்து பார்க்கப்படாத ஆபத்தை ஏற்பானேன் என்பதே என் வாதம்.

மாதவிடாய் நின்ற பிறகு உங்கள் அக்காவை லெட்ரோசோல் அல்லது அனஸ்ட்ரோசோலுக்கு மாற்றக்கூடும். அப்போது இந்த எச்சரிக்கை இன்னும் கூடும். டாமோக்சிஃபென் வாசலை அடைக்கிறது, உடலில் ஈஸ்ட்ரோஜன் இருந்துகொண்டுதான் இருக்கும். லெட்ரோசோலோ ஈஸ்ட்ரோஜன் உற்பத்தியையே வற்றச் செய்துவிடுகிறது, ஏற்பிகள் காலியாக இருக்கும். வற்றிய குளத்தில் ஒரு குடம் நீரும் கண்ணுக்குத் தெரிவதுபோல, அந்த நிலையில் வலுக்குறைந்த தாவர ஈஸ்ட்ரோஜனுக்கும் எடை கூடலாம். இங்கே ஒரு தவறான ஆறுதலைப் பலமுறை கேட்டிருக்கிறேன்: “எஸ்ட்ரடியால் இரத்தப் பரிசோதனை எடுத்தோம், ஏறவில்லை, ஆகவே மாத்திரை ஒன்றும் செய்யவில்லை.” அந்தப் பரிசோதனை அளப்பது உடலில் சுரக்கும் எஸ்ட்ரடியாலை. ஜெனிஸ்டீன் அதில் தெரியாது.

மூன்று வாரம் எடுத்துவிட்டோமே என்று கலங்க வேண்டாம். ஐசோஃப்ளேவோன்கள் உடலில் தங்குபவை அல்ல. நிறுத்திய இரண்டு மூன்று நாள்களில் வெளியேறிவிடும். படிப்படியாகக் குறைக்கவும் தேவையில்லை. டாமோக்சிஃபெனை மட்டும் எக்காரணம் கொண்டும் அவராக நிறுத்தக் கூடாது. தகிப்புத் தாங்காமல் மருந்தையே விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன், அதில் இருக்கும் ஆபத்து இந்த மாத்திரையினுடையதைவிட மிகப் பெரியது. இடைப்பட்ட நாள்களில் மாதவிடாய்க்கு அப்பாற்பட்ட இரத்தப்போக்கு தெரிந்தால், குளோவரின் வேலை என்று ஊகித்துக் காத்திராமல் உடனே காட்ட வேண்டும். டாமோக்சிஃபெனே கருப்பையின் உட்சுவரைத் தடிக்கச் செய்யக்கூடியது. இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் போன்ற மருந்து எடுப்பவர்கள் சிவப்பு குளோவரின் பக்கமே போகக் கூடாது.

ஆளிவிதையின் கதை தனி. அதில் இருப்பது ஐசோஃப்ளேவோன் அல்ல, லிக்னான் என்ற வேறு வகைத் தாவர ஈஸ்ட்ரோஜன். குடல் பாக்டீரியா அதை என்டரோலாக்டோன் என்ற பொருளாக மாற்றுகிறது. அதன் ஈஸ்ட்ரோஜன் தன்மை மிக மெலிந்தது. டொரோன்டோவில் அறுவைக்குக் காத்திருந்த 32 பெண்களில் ஒரு குழுவுக்கு, தினம் 25 கிராம் பொடித்த ஆளிவிதை சேர்த்த கேக்கைச் சுமார் ஒரு மாதம் கொடுத்துப் பார்த்தபோது, கட்டியில் செல் பெருகும் வேகத்தைக் காட்டும் அளவு மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. சிறிய ஆய்வுதான், நோய் திரும்புவதைத் தடுக்கும் என்று அதிலிருந்து சொல்ல முடியாது. ஆனால் உணவளவில் பயப்பட வேண்டியதில்லை என்று சொல்ல அது உதவுகிறது. தகிப்புக்கு மட்டும் இதுவும் மருந்தல்ல: ஆளிவிதை சேர்த்த ஸ்நாக் பாரையும் சேர்க்காத ஸ்நாக் பாரையும் 188 பெண்களுக்குக் கொடுத்துப் பார்த்ததில், இரு பக்கமும் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குத் தொந்தரவு பாதியாகக் குறைந்தது, அவ்வளவே.

எடுப்பதானால் விதையைப் பொடித்து எடுக்க வேண்டும். முழு விதை விழுங்கினால் அப்படியே வெளியே வந்துவிடும். வாணலியில் லேசாக வறுத்து, வாரத்துக்கு வேண்டியதை மட்டும் மிக்ஸியில் திரித்து, குளிர்சாதனப் பெட்டியில் வைத்துக்கொண்டு, தினம் ஒரு மேசைக்கரண்டியில் தொடங்கலாம். பொடி நீரை உறிஞ்சி வழவழவென்று உப்பும் என்பதால் ஒரு பெரிய தம்ளர் தண்ணீர் கூடவே வேண்டும். மலச்சிக்கல் கடுமையாக இருப்பவர்களுக்கும் குடல் அடைப்பு வந்தவர்களுக்கும் இது ஆகாது. மாத்திரைகளோடு சேர்த்து விழுங்காமல் இரண்டு மணி நேரம் இடைவெளி விட வேண்டும். அக்காவுக்குத் தைராய்டு மாத்திரையும் இருந்தால் சோயாவுக்கும் ஆளிவிதைக்கும் இந்த இடைவெளி இன்னும் அவசியம். ஆளிவிதை எண்ணெயில் லிக்னான் கிட்டத்தட்ட இல்லை, அதனால் ஹார்மோன் பயத்துக்கு அங்கே வேலையே இல்லை. சொல்லப்போனால் நம் எள்ளிலும் லிக்னான் உண்டு, குடலில் அதுவும் என்டரோலாக்டோனாகத்தான் மாறுகிறது. ஆளிவிதைக்குப் பயந்து ஒதுங்கிய ஓர் அம்மா, எள்ளுருண்டையைக் கடித்துக்கொண்டே என்னிடம் விளக்கம் கேட்டார்.

அதே அம்மாவின் பையிலிருந்து “பெண்கள் நலம்” என்று எழுதிய புரதப் பொடி டப்பா ஒன்றும் வெளியே வந்தது. முன்பக்கம் சோயா என்ற சொல்லே இல்லை. பின்பக்கத்தில், பொடி எழுத்தில், சோயா ஐசோஃப்ளேவோன் சாறு என்று இருந்தது. உங்கள் வீட்டிலும் சத்துப்பொடி, மாதவிடாய் நிற்கும் காலத்துக்கான மாத்திரை, எலும்புக்கான மாத்திரை எது இருந்தாலும் பின்பக்கத்தைப் படியுங்கள். ஐசோஃப்ளேவோன், ஜெனிஸ்டீன், குளோவர் என்ற சொல் கண்ணில் பட்டால் அதுவும் ஒதுக்க வேண்டியதே.

அக்காவின் உறக்கம்தான் உண்மையான பிரச்சினை. அதற்கு ஹார்மோன் இல்லாத மருந்துகள் இருக்கின்றன. வென்லஃபாக்சின், காபாபென்டின் ஆகிய இரண்டும் தகிப்பைக் குறைப்பதாகச் சோதனைகளில் தெரிந்தவை. இரவுத் தொந்தரவுக்குக் காபாபென்டினைப் படுக்கப்போகும் முன் கொடுப்பதுண்டு, மறுநாள் காலையில் கொஞ்சம் மந்தமாக இருக்கலாம். புற்றுநோய் மருத்துவரிடமே இதைக் கேளுங்கள். வேறு மருத்துவரிடம் போனால் டாமோக்சிஃபென் எடுப்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். தகிப்புக்கும் மனச்சோர்வுக்கும் எழுதப்படும் பாராக்சடின், ஃப்ளூவாக்சடின் ஆகியவை டாமோக்சிஃபென் உடலில் தன் செயல்வடிவத்துக்கு மாறுவதையே தடுத்துவிடும் என்பதால், அந்த இரண்டையும் அவருக்குத் தவிர்க்க வேண்டும்.